இரண்டு குரல், ஒரு வரி

ஆரணியில் 'நோட்ஸ் ஹேமநாத்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வெறும் ஹேமநாத் என்றால் பட்டுச் சேலை மொத்த வியாபாரி ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோட்ஸ் ஹேமநாத்தின் அப்பா சுப்பராயலு நல்ல தறிக்காரர். மகனுக்குத் தறிக் குழியில் கால் தங்கவில்லை. கண்ணமங்கலத்தில் தேவாலயப் பாட்டுக் குழுவுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த ஒருவரிடம் போய் ஒட்டிக்கொண்டு, ஐந்து கோட்டில் சங்கீதம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, சென்னைக்கு ரயிலேறினார். சினிமாப் பாட்டு ஸ்டுடியோவில் வயலின் வரிசையில் உட்காரும் அளவுக்கு வில் பேசவில்லை. ஆனால் கை பேசியது. இசையமைப்பாளரின் உதவியாளர் ஒரு மெட்டை வாயால் முனகிக் காட்டுவார். வயலின்காரர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் தாள் இருக்கும்.

அந்த வேலைக்கு ஒரே சட்டம்தான். மெட்டைக் கேட்டே இராதவன், பார்த்த மாத்திரத்தில் பிசகாமல் வாசிக்க வேண்டும். கண்ணைக் குழப்புவது எதுவோ அதைத் தாளில் விடக்கூடாது. ஹேமநாத் தாளில் குழப்பமே இராது என்று பெயர்.

கம்ப்யூட்டர் வந்ததும் கையெழுத்துக்கு வேலை போயிற்று. அவர் ஊர் திரும்பி, கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை மாடியில் கீபோர்டு வகுப்பு நடத்தினார். கிரேடு பரீட்சைக்குப் பிள்ளைகள் வந்தார்கள். மனைவி தீபா சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுவாள். வாழ்க்கை ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அனுபமா மாடி ஏறி வந்தாள்.

அவள் பெங்களூரில் வளர்ந்த பெண். பூர்வீகம் தேவிகாபுரம் பக்கத்துச் சமணக் குடும்பம். தாய்வழி ஊர்களில் பெண்கள் ஜினாலயத்திலும் வீட்டிலும் பாடும் பாட்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எதையும் யாரும் எழுதி வைத்ததில்லை. மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் காது வழியாக வந்தவை. அவளிடம் ஒலிப்பதிவுகள் இருந்தன.

"என் கைடு ஸ்டாஃப் நொட்டேஷன்ல வேணும்னு சொல்றாங்க சார். வெளிநாட்டு எக்ஸாமினருக்கு ஸரிகம புரியாதாம். எல்லாப் பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் எது பொது, எது வேறன்னு சொல்ல முடியும்."

"குடுங்க மேடம். கேட்டுப் பாக்கறேன்," என்றார் ஹேமநாத்.

முதல் பாட்டு ஒரு தாலாட்டு. குழந்தை ஜினரை, அதாவது தீர்த்தங்கரரை, தொட்டிலில் இட்டுப் பாடுவது. ரத்னாவதி, மருதேவி என்று இரண்டு பேர், ஓரகத்திகள், சேர்ந்து பாடியிருந்தார்கள். கீபோர்டை வைத்துக்கொண்டு சுருதி தேடினார். கருப்புக் கட்டைக்கும் அடுத்த வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. பாட்டு போகப் போக மெல்ல மேலேறி, கடைசி அடியில் அந்த வெள்ளைக் கட்டையையும் தாண்டியிருந்தது. இதை எப்படி எழுதுவது? எல்லாவற்றையும் ஒரே சுருதிக்கு மாற்றி எழுதலாம், ஒப்பிட வசதி என்றாள் அனுபமா. சரி. ஏற்றம் போயிற்று.

அடுத்தது காந்தார ஸ்வரம். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், ஒரு சமயம் இப்படியும் ஒரு சமயம் அப்படியும் சாய்ந்தது. ஹேமநாத் முதலில் நோட்டுக்கு மேல் சின்ன அம்புக்குறிகள் போட்டு அனுப்பினார். மேல் அம்பு என்றால் கொஞ்சம் கூட, கீழ் அம்பு என்றால் கொஞ்சம் குறைவு. தாள் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. "கைடு படிக்க முடியலங்கறாங்க சார். எது கிட்ட இருக்கோ அந்த நோட்டே போட்டுடுங்க." போட்டார். தாள அளவும் அப்படித்தான். பெண்கள் தாளம் போட்டுப் பாடவில்லை; மூச்சு இருக்கும் வரை இழுத்தார்கள். முதலில், அளவு பிரிக்கும் பார் கோடு இல்லாமல் எழுதினார். எண்ணிக் காட்ட அளவு வேண்டும் என்று வந்தது. ஏழு-எட்டு தாள அளவாகப் பிரித்துப் பார்த்தார்; கொஞ்சம் இங்கே நீட்டி, கொஞ்சம் அங்கே சுருக்கினால் உட்கார்ந்தது.

மிச்சம் இருந்தது இரண்டாவது குரல். மைக் ரத்னாவதி பக்கத்தில் இருந்ததால் அவர் குரல் தெளிவு. மருதேவி பின்னாலிருந்து, எப்போதும் ஒரு நூலிழை தாமதமாக வந்தார். அடியின் முடிவில் ரத்னாவதி ஆதார ஸ்வரமான ஸட்ஜத்தில் நிற்பார். மருதேவியும் அங்கே வந்து சேர்ந்து, பிறகு அதற்குக் கீழே நழுவிவிடுவார். மூச்சு போதவில்லை என்று ஹேமநாத் எடுத்துக்கொண்டார். 'இரண்டாவது அம்மா லேட்டாக வருகிறார், முடிவில் சுருதி இறங்குகிறது, விட்டுவிட்டேன்' என்று அனுபமாவுக்கு மெயில் எழுதினார். ஒலிப்பதிவுக் கோப்பின் பெயரில் 'ரத்னாவதி' என்று மட்டும் இருந்தது. தாளின் தலைப்பில் 'பாடியவர்: ரத்னாவதி' என்று அடித்தார்.

தாள் அழகாக வந்தது. வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணை வாசிக்கச் சொன்னார், பிசகாமல் வாசித்தாள். அன்றைக்கு அவருக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

அதன் பிறகு மாதாமாதம் பாட்டுகள் வந்தன, தாள்கள் போயின. பல வீட்டுப் பெண்கள், பல ஊர்கள். எல்லாம் அதே கைவாக்கில் எழுதினார். கடைசியில் ஒரு நாள் அனுபமா அத்தியாயத்தையே அனுப்பினாள். நோட்டுகள் அச்சில் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துத் தர வேண்டும்.

ஹேமநாத் ஆங்கிலத்தை மெதுவாகத்தான் படிப்பார். நோட்டுகள் சரியாக இருந்தன. அடுத்த பக்கத்தில் ஒரு அட்டவணை. எந்தப் பாட்டு எந்த ஸ்வரத்தில் முடிகிறது என்று கணக்கு. எல்லாமே ஸட்ஜம். அதன் கீழே அனுபமா எழுதியிருந்தாள்: இந்தப் பாடல்கள் ஒன்றுவிடாமல் ஆதார சுருதியில் வந்து அடங்குகின்றன; ஆகவே இவை கோயிலில் ஓதும் மந்திர வழக்கிலிருந்து இறங்கி வந்தவையாக இருக்கலாம். இன்னும் கீழே, துணைக்குரல் நினைவு தப்பும் இடங்களில் பின்தங்கி, முடிவில் சுருதி இழக்கிறது என்று ஒரு வரி.

அந்த வரியை அவர் திரும்பப் படித்தார். அது அவருடைய மெயில்தான். இங்கிலீஷ் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒலிப்பதிவை எடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டிக் கேட்டார். ரத்னாவதி ஸட்ஜத்தில் நிற்கிறார். மருதேவி வந்து சேர்ந்து, கீழ் நிஷாதத்துக்கு இறங்கி, அங்கே நிற்கிறார். அடுத்த அடி. மறுபடியும் அதே இடம், அதே இறக்கம். அடுத்ததிலும். மூச்சு போகிறவர் ஒவ்வொரு முறையும் அதே ஸ்வரத்திலா போய் விழுவார்? மற்றப் பாட்டுகளை எடுத்தார். எங்கெல்லாம் இரண்டு பேர் பாடினார்களோ அங்கெல்லாம் அடிமுடிவில் ஒரு குரல் கீழே போய்க்கொண்டிருந்தது. சில இடத்தில் தெளிவாக, சில இடத்தில் மணிச் சத்தத்துக்கு அடியில், சில இடத்தில் பஸ் ஹாரனோடு.

தீபா சாப்பிடக் கூப்பிட்டாள். ஹெட்போனைக் கழற்றாமல் கையை மட்டும் காட்டினார்.

"இன்னா ஆச்சு? மூஞ்சே சரியில்ல."

"நான் எழுதாம விட்டத, அந்தப் பொண்ணு 'இல்லவே இல்ல'ன்னு எண்ணி வெச்சிருக்குது, தீபா."

"அப்ப சொல்லிட வேண்டியதுதான? அதுக்கு ஏன் சோறு வேணாங்கற?"

அனுபமாவுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க எழுதிக் குடுத்ததத்தான் சார் நான் எண்ணினேன்."

"ஆமா மேடம். எழுதாதத நீங்க எப்பிடி எண்ணுவீங்க? உங்களக் குத்தம் சொல்லல."

"நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். நேர்ல கேட்டேன். எனக்கும் அது காதுல விழல பாருங்க." காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது. "சப்மிஷனுக்கு நாள் நெருங்கிடுச்சு. என்னால இப்ப அங்க வர முடியாது. நீங்க ஒருவாட்டி போய், தனித்தனியா பாடச் சொல்லிக் கேட்டுட்டு வர்றீங்களா?" பிறகு தயங்கிச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு. அந்த வீட்ல ஏதோ மனஸ்தாபம்னு அபிநந்தன் சொன்னாரு. என்னன்னு சொல்லல."

அபிநந்தன் ரத்னாவதியின் மகன். ஹேமநாத் தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறி, ஊருக்கு முன்னாலேயே இறங்கி, நெல் வயலுக்கு நடுவே நடந்து அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். வலப்பக்கத்து வீட்டில் கூடத்துச் சுவரில், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது அவருடைய தாள். அனுபமா நன்றியாக அனுப்பியதை அபிநந்தன் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டு, ஆரணியில் பிரேமும் போட்டுக் கொண்டு வந்திருந்தார். 'பாடியவர்: ரத்னாவதி.' அதன் கீழே ஹேமநாத் போட்ட ஐந்து கோடுகள், சுத்தமாக.

ரத்னாவதிக்கு அறுபது தாண்டியிருக்கும். உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"இதுல என் பாட்டு இருக்குதாமே. எனக்கு ஒண்ணும் வெளங்கல. புள்ளதான் மாட்டி வெச்சான்."

"அம்மா, அந்தத் தாலாட்ட நீங்க மட்டும் ஒருவாட்டி பாடிக் காட்டணும்."

அவர் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் அடி, ஸட்ஜத்தில் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அடுத்த அடி வரவில்லை. மூச்சு தீர்ந்து நிறுத்தி, மறுபடி அதே அடியைப் பாடி, மறுபடி அங்கேயே நின்றார்.

"வரமாட்டேங்குதுங்க," என்றார். "அவ எறங்கினாத்தான் நான் ஏறுவேன். அப்பிடியே பழகிப்போச்சு."

"அவங்களக் கூப்பிடலாமா?"

ரத்னாவதி இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். "நான் கூப்ட்டா வர மாட்டா. இது இங்க மாட்டுனதுல இருந்து பேசறதில்ல. கோயிலுக்குக் கூடச் சுத்திகினுதான் போறா. நான் எழுதல, நான் படிக்கல. என் பேரு போட்டா நான் இன்னா பண்றது?"

ஹேமநாத் மோரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் இருந்த பெயரைப் பார்த்தார். கோப்பின் பெயரைப் பார்த்து அடித்த ஒரு வார்த்தை. அதை அடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அடுத்த வீட்டில் மருதேவி வாசலில் மணிலாக்கொட்டை காய வைத்துக்கொண்டிருந்தார். ஒடிசலான பெண். ரத்னாவதியைவிட இளையவர். ஹேமநாத் தான் யார் என்று சொன்னார். சொன்னபோதே முகம் மாறியது.

"நீங்கதானா அது."

"நான்தாம்மா. தப்பு என்மேலதான். உங்க குரல நான் சரியாக் கேக்கல."

"எனக்குப் பேரு வேணாங்க. பேர வெச்சுகினு நான் எங்க போகப் போறேன்?" கொட்டையைக் கையால் பரப்பிக்கொண்டே பேசினார். "கல்யாணம் ஆயி வந்தப்ப எங்க மாமியாரு ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. அக்கா முன்னால போகணும், நான் பின்னால வரணும். ரெண்டு பேரு வளத்த புள்ள அது. ஒருத்தி புள்ளன்னு செவுத்துல எழுதி மாட்டியிருக்குது. அக்காவாச்சும் 'அவளும்தான் பாடினா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? சொல்லல."

கோபம் தாளின் மேல் இல்லை. ஆனால் தாள் இல்லாவிட்டால் இந்தக் கோபமும் இல்லை.

"உங்க பங்க மட்டும் பாடினீங்கன்னா, நான் தனிக் கோட்டுல எழுதி ரெண்டு பேரையும் போட்டுடுவேம்மா."

"தனியாவா? அவ முன்னால போகாம நான் எதுக்குப் பின்னால வர்றது?"

ஸ்டுடியோ புத்தி வேலை செய்தது. பாடகர் ஒரு நாள், வயலின் ஒரு நாள் என்று பதிவு செய்து ஒட்டி ஒட்டிப் பாட்டாக்கின இடத்தில் இருந்தவர் அல்லவா. பையிலிருந்து ஹெட்போனை எடுத்தார். இதில் அக்கா குரல் கேட்கும், கேட்டுக்கொண்டே பாடுங்கள், போனில் நான் பதிந்துகொள்கிறேன் என்றார். மருதேவி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி மாட்டிக்கொண்டார்.

குரல் ஒலிப்பதிவில் கேட்டதைவிடக் கனமாக இருந்தது. முதல் அடியின் முடிவில் ஸட்ஜத்தைத் தொட்டு, நெளிந்து, நிஷாதத்துக்கு இறங்கி நின்றது. நழுவல் அல்ல, தெரிந்தே இறங்கும் இறக்கம். ஹேமநாத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. இரண்டாவது அடியில் மருதேவி இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒலிப்பதிவில் ரத்னாவதி அடுத்த அடியைத் தொடங்கிவிட்டார். மருதேவி தடுமாறி, ஓடிப்போய்ப் பிடித்தார். மூன்றாவதில் இன்னும் மோசம். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார்.

"இது அவ இல்ல."

"அவங்க குரல்தாம்மா."

"குரல் அவளதுதான். ஆனா எனக்காக நிக்க மாட்டேங்கறா. நான் இன்னிக்கு இழுத்தா அவ இன்னிக்கு நிப்பா. எம்மூஞ்சியப் பாத்துகினேதான் அடுத்தது எடுப்பா. இதுல அவ என்னப் பாக்கவே இல்ல."

ஹேமநாத் பதிவை நிறுத்தினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோபம் இருந்தாலும் மருதேவி வந்தவரைச் சும்மா அனுப்பவில்லை. "வெளிச்சம் போறதுக்குள்ள சாப்ட்டுடுங்க, எங்க சமயத்துல இருட்டினப்புறம் சாப்ட மாட்டோம்," என்று இலை போட்டார். சாப்பிடும்போது ஒன்று கேட்டார்: "பேரு போட்டா, மொதல்ல அக்கா பேரு போடுங்க. அவ மூத்தவ."

ஊருக்குத் திரும்பி அந்தத் தாலாட்டை முதலிலிருந்து எழுதினார். மேலே ஒரு ஐங்கோடு ரத்னாவதிக்கு, கீழே ஒன்று மருதேவிக்கு. பார் கோடுகளை எடுத்துவிட்டார். அம்புக்குறிகள் திரும்ப வந்தன. சுருதி ஏறும் இடத்தில் பக்கவாட்டில் குறிப்பு எழுதினார். ஆனால் மருதேவியின் குரல் வேறொரு நாள் பதிந்தது; ஓடிப்பிடித்த இடங்கள் அதில் இருந்தன. எந்த நோட்டை எந்த நோட்டுக்கு நேர் கீழே வைப்பது? பழைய பதிவில் மங்கலாகக் கேட்டதை வைத்து உத்தேசமாக வைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்ற இடத்தில் ஒரு பிடிப்புக் குறி போட்டார், எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம் என்று பொருள். எவ்வளவு என்று மருதேவிக்கும் ரத்னாவதிக்கும் மட்டும்தான் தெரியும். அவர்களும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தவறு போய்விட்டது. முடிவெடுப்பது போகவில்லை. முன்னே மறைத்து எடுத்ததை இப்போது தெரியும்படி எடுக்கிறோம், அவ்வளவுதான் என்று தோன்றியது.

அனுபமா தாளைப் பார்த்துவிட்டு அழைத்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. அட்டவணையை எடுத்துவிட்டாள். அதோடு அந்த அத்தியாயத்தின் முடிவும் போயிற்று. நினைவு தப்பும் துணைக்குரல் என்ற வரியையும் அடித்துவிட்டாள். மற்றப் பாட்டுகளைத் திருத்த நாள் இல்லை. அவை பழைய வடிவிலேயே போகும், அடியில் ஒரு குறிப்போடு.

"அந்தக் குறிப்புல இன்னா எழுதுவீங்க?"

"'இரண்டாவது குரல் குறிக்கப்படவில்லை'ன்னு."

"அப்பிடிப் போடாதீங்க மேடம். யாரோ செஞ்ச மாதிரி இருக்குது. ஹேமநாத்னு ஒருத்தன் ஆரணியில ஒக்காந்து எழுதினான், அவன் ரெண்டாவது குரல விட்டுட்டான்னு போடுங்க. படிக்கறவங்களுக்கு, நடுவுல ஒரு ஆளு இருந்தான்னு தெரியணும்."

"உங்க பேருக்கு அது நல்லதில்லையே சார்."

"பரவால்ல. போடுங்க."

போட்டாள். பட்டமும் கிடைத்தது. வெளிநாட்டுத் தேர்வாளர் இரட்டைக் கோட்டுத் தாலாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மற்றவை தெளிவாக இருக்கின்றன என்று பாராட்டியிருந்தார். இதை அனுபமா சொன்னபோது இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

புதுத் தாளை ஹேமநாத் இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். அபிநந்தன் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். ரத்னாவதி இரண்டு பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்தார். மருதேவி வாங்கி மடித்து உள்ளே வைத்தார். ஓரகத்திகள் பேசிக்கொண்டார்களா என்றால், இல்லை. தாளைத் திருத்துகிற மாதிரி அதைத் திருத்த முடியவில்லை. அந்த வருஷம் ஜினாலயத்தில் குழந்தை ஜினரைத் தொட்டிலிட்டு ஆட்டியபோது யாரோ ஸ்பீக்கரில் வேறு பாட்டு போட்டார்கள்.

ஹேமநாத் வகுப்பில்லாத மத்தியானங்களில் மற்றப் பாட்டுகளைத் தானாகவே திரும்ப எழுத உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை. முடிந்த ஊர்களுக்குப் பஸ்ஸில் போனார். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் பாடியவர்களில் ஒருத்தி மகனோடு புனேவுக்குப் போய்விட்டாள். இன்னொரு வீட்டில் இரண்டாவது குரல் யாருடையது என்றே யாருக்கும் ஞாபகமில்லை. அந்தப் பதிவை எத்தனை மெதுவாக ஓட்டினாலும், அடிமுடிவில் யாரோ கீழே இறங்குவது மட்டும் கேட்கிறது. எங்கே போய் நிற்கிறாள் என்பதை மணிச் சத்தம் மூடிக்கொள்கிறது.

இரண்டாவது குரலின் ஐங்கோட்டில் அந்த இடத்துக்கு வந்தபோது கை பழக்கமாக ஓய்வுக் குறி போடப் போயிற்று. நிறுத்திக்கொண்டார். ஓய்வுக் குறி என்றால் அங்கே யாரும் பாடவில்லை என்று ஆகிவிடும். நோட்டு போட்டால் கேட்காததைக் கேட்டதாக ஆகிவிடும். ஐந்து கோடுகளையும் வெறுமையாக விட்டுவிட்டு, அடுத்த அடிக்குப் போனார்.